படத்தில் காணாமல் போகும் மச்சம்

1985 மார்ச்சில் மிகயீல் கோர்பச்சேவ் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனார். அவருடைய முன்நெற்றியில் கருஞ்சிவப்பாக ஒரு பிறவி மச்சம் படர்ந்திருந்ததை உலகமே அறியும். ஆனால் அவர் பதவியேற்ற காலத்தில் வெளியான அதிகாரபூர்வப் படங்கள் சிலவற்றில் அந்த மச்சம் இல்லை. படத்தைத் திருத்துகிறவர் ஒருவர் உட்கார்ந்து, கையால் அழித்திருந்தார்.

இன்று அந்த வேலைக்கு ஆள் தேவைப்படுவதில்லை. ஒருவர் தன் புகைப்படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் ஏற்றி, "இதே முகம், பட்டுப்புடவையில், ஸ்டூடியோ வெளிச்சத்தில் வேண்டும்" என்று கேட்கிறார். அரை நிமிடத்தில் படம் வருகிறது. கண், மூக்கு, தாடை எல்லாம் அவருடையவைதான். மேலுதட்டின் மீதிருந்த மச்சத்தை மட்டும் காணோம். சிறு வயதில் விழுந்து புருவத்தில் விழுந்த தழும்பில் முடி முளைத்திருக்கிறது. கழுத்தின் வெண்திட்டு சுற்றியுள்ள தோலின் நிறத்துக்கு வந்துவிட்டது. அவற்றை எடுத்துவிடும்படி அவரும் கேட்கவில்லை, செயலியை எழுதியவர்களும் அப்படியொரு கட்டளையை அதில் வைக்கவில்லை.

யாரும் கேட்காமல் இது நடப்பதற்குக் காரணம், இந்தக் கருவிகள் முகத்தைப் புரிந்துகொள்ளும் விதம். அதைத் தெரிந்துகொண்டால் மச்சத்தையும் தழும்பையும் படத்தில் காப்பாற்ற முடியும். ஒருவர் தாமாக விரும்பி, "இதைக் கொஞ்சம் மங்கலாக்குங்கள்" என்று கேட்டால் அதையும் அவர் சொன்ன அளவுக்குச் செய்ய முடியும்.

மூன்று இடங்களில் தொலைகிறது

முதல் இழப்பு, முகத்தை அடையாளம் காணும் இடத்தில். மூலப்படத்தில் இருப்பவரையே புதிய படத்திலும் கொண்டுவர, பல கருவிகள் முகத்தை எண்களாக மாற்றிக்கொள்கின்றன. இதற்குப் பரவலாகப் பயன்படும் முறைகளில் ஒன்று ஆர்க்ஃபேஸ். அது முகத்தை அகலத்தில் 112, உயரத்தில் 112 பிக்சல் கொண்ட சிறு சதுரமாகச் சுருக்கி, 512 எண்கள் அடங்கிய ஒரு வரிசையாக்குகிறது. மனித முகத்தின் அகலம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு பிக்சலுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமான தோல் அடங்கிவிடுகிறது. மூன்று மில்லிமீட்டர் மச்சம் அங்கே இரண்டு பிக்சல்தான்.

அளவு மட்டும் காரணம் அல்ல. இந்த முறை பழக்கப்பட்டதே வேறு வேலைக்கு. ஒப்பனை போட்டாலும் போடாவிட்டாலும், வெயிலில் நின்றாலும் நிழலில் நின்றாலும், இது அதே ஆள்தான் என்று சொல்ல அதற்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது. அதனால் எலும்பின் அமைப்பையும் கண்களின் இடைவெளியையும் இறுகப் பிடித்துக்கொண்டு, தோலின் மேல் தெரியும் வேறுபாடுகளைப் பெரிதும் தள்ளிவிடக் கற்றிருக்கிறது. கூட்டத்தில் ஒருவரைக் கண்டுபிடிக்க உதவும் அந்தத் திறமை, அவரைப் படமாக வரையும்போது பாதகமாகிவிடுகிறது.

இரண்டாவது இழப்பு, படம் உருவாகும் இடத்தில். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாதிரிகள் படத்தை நேரடியாகத் தீட்டுவதில்லை. முதலில் அதை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிக்கொண்டு, அந்தச் சிறிய கட்டங்களில் வேலை செய்கின்றன. 512 பிக்சல் அகலமுள்ள படம் 64 கட்டங்களாகிவிடும். ஆள் முழுவதும் தெரிய நிற்கும் படத்தில் முகத்தின் அகலம் 80 பிக்சல் என்றால், உள்ளே அது பத்தே கட்டங்கள். ஒரு கட்டத்துக்கும் சிறிதான தழும்பைச் சுமக்க அங்கே இடம் இல்லை. விடுபட்டதை மாதிரி தான் பார்த்துப் பழகிய தோலைக் கொண்டு நிரப்புகிறது. இணையத்திலிருந்து அள்ளப்பட்ட கோடிக்கணக்கான படங்களில் அது பார்த்த தோலில், முன்பே யாரோ திருத்தி மெருகேற்றிய தோல் நிறைய உண்டு.

மூன்றாவது இழப்பு, எல்லாம் முடிந்த பிறகு. பல செயலிகள் கடைசிக் கட்டமாக ஜிஎஃப்பிகான், கோட்ஃபார்மர் போன்ற முகச் சீரமைப்புக் கருவிகளில் படத்தை ஓட்டி எடுக்கின்றன. கலங்கிய பழைய படங்களைத் தெளிவாக்கப் பிறந்தவை இவை. கலங்கலையும் கறையையும் கண்டால் நீக்குவதே அவற்றின் வேலை. வடுவும் கறையும் வேறு வேறு என்று அவற்றுக்குத் தெரியாது. முந்தைய இரண்டு கட்டங்களையும் தாண்டி வந்த தழும்புகூட இங்கே போய்விடலாம். கோட்ஃபார்மரில் 0 முதல் 1 வரை நகர்த்தக்கூடிய ஓர் அளவுகோல் இருக்கிறது. 0 பக்கம் போனால் முகம் பளிச்சென்று இருக்கும், 1 பக்கம் போனால் மூலப்படத்தை ஒட்டி இருக்கும். தழும்பு வேண்டுமென்றால் 1 பக்கம் தள்ள வேண்டும், அல்லது இந்தக் கட்டத்தையே நிறுத்திவிட வேண்டும்.

வெண்திட்டில் வரும் தனிச் சிக்கல்

தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் அழிந்துபோன இடமே வெண்திட்டு. அது தொற்றுவதில்லை. உலக மக்கள்தொகையில் 0.5 முதல் 2 சதவீதம் பேருக்கு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மாநிறத்திலும் கருநிறத்திலும் அது எடுப்பாகத் தெரியும் என்பதால், படத்தில் அது மாறினாலும் உடனே தெரிந்துவிடும்.

மச்சம் பொதுவாக அப்படியே மறைந்துபோகும். வெண்திட்டோ வேறொன்றாக உருமாறும். கண்ணோரத்தில் இருக்கும் திட்டை, தோலில் விளக்கு பட்டு மினுங்கும் இடமாக மாதிரி எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் பிரித்தறிய ஓரத்தைப் பார்க்க வேண்டும். மினுக்கத்தின் ஓரம் மெல்லக் கரைந்து மறையும், வெளிச்சம் நகர்ந்தால் அதுவும் நகரும். திட்டுக்குப் பெரும்பாலும் தெளிவான எல்லை உண்டு, விளக்கை எங்கே வைத்தாலும் அது இருந்த இடத்தில் இருக்கும். புதிய படத்தில் திட்டின் எல்லை கரைந்திருந்தால், மாதிரி அதை வெளிச்சமாக மாற்றிவிட்டது என்று கொள்ளலாம். திட்டின் மேலுள்ள புருவமுடியோ இமைமுடியோ வெளுத்திருந்தால், அது கறுப்பாகத் திரும்பியிருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று.

விடுபட்டதைத் திரும்பக் கொண்டுவரப் பலரும் செய்வது, கட்டளையில் "வெண்திட்டு உள்ள பெண்" என்று எழுதுவது. இதில் எதிர்ப்பக்கச் சிக்கல் வரும். கனடாவைச் சேர்ந்த வின்னி ஹார்லோ 2014-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மாடலிங் தொலைக்காட்சிப் போட்டியில் தோன்றியதிலிருந்து, அவர் முகத்தின் இரு பக்கமும் ஒத்திருக்கும் பெரிய திட்டுகள் உலகெங்கும் பத்திரிகைகளில் வந்துகொண்டிருக்கின்றன. அந்தச் சொல்லைக் கேட்டதும் மாதிரி அத்தகைய பேஷன் படங்களின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கன்னத்தில் ஒரு ரூபாய் அளவுத் திட்டு மட்டும் உள்ளவருக்கு, முகமெங்கும் வரைபடம் போல் திட்டுகள் வந்து சேரும்.

தழும்பு என்று எழுதினாலும் இதே கதைதான். திரைப்படங்கள் பல தலைமுறைகளாக வில்லனின் கன்னத்தில் வெட்டுத்தழும்பை வைத்துப் பழக்கியிருக்கின்றன. தமிழ் ரசிகர்களுக்கும் அது புதிதல்ல. 2018-இல் பிரிட்டனின் சேஞ்சிங் ஃபேசஸ் அமைப்பு இதை எதிர்த்து இயக்கம் தொடங்கியபோது, முகத்தழும்பை வில்லத்தனத்தின் அடையாளமாகக் காட்டும் படங்களுக்கு இனி நிதி தருவதில்லை என்று பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் அறிவித்தது. ஆனால் பழைய படங்கள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. தழும்பு என்ற சொல் அந்த முரட்டு முகத்தையும் சேர்த்தே இழுத்து வருகிறது. ஒருவருடைய தழும்பைக் காட்ட, அதன் பெயரை எழுதுவதைவிட அதன் இடத்தைக் காட்டுவதே நல்லது.

ஒரு விழா மலர்ப் படம்

இது எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் பணி ஓய்வு பெறுகிறார். விழா மலரின் முதல் பக்கத்துக்கு அவர் படம் வேண்டும். கையில் இருப்பவை கைப்பேசியில் எடுத்த சாதாரணப் படங்கள். அவற்றைக் கொண்டு ஸ்டூடியோக்காரர் ஒரு நல்ல உருவப்படம் தயாரிக்கப்போகிறார். ஆசிரியையின் இடக் கண்ணோரத்திலும் வாயைச் சுற்றியும் வெண்திட்டுகள் உண்டு. தாடையின் வலப் பக்கம் சிறு வயதில் விழுந்த தையல் தழும்பு. வலக் கன்னத்தில், சில மாதங்களுக்கு முன் எண்ணெய் தெறித்த சுட்ட வடு.

முதல் வேலை கேட்பது. பழைய ஸ்டூடியோக்களில் படம் திருத்துகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் பருவையும் கீறலையும் எடுக்கலாம், நிலையாக இருப்பதைக் கேட்காமல் தொடக்கூடாது. இங்கேயும் அதுவே தொடக்கம். "முகத்தைச் சரிசெய்யட்டுமா?" என்று பொதுவாகக் கேட்டால், எதைச் சரியில்லை என்கிறார் என்ற வருத்தம்தான் மிஞ்சும். "டீச்சர், முகத்தில் இருப்பதெல்லாம் அப்படியே வரும். எதையாவது மாற்ற வேண்டுமென்றால் நீங்களே சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால், அவர் யோசித்துப் பதில் தருவார். நம் ஆசிரியை சொல்வது இது: வெண்திட்டும் தாடைத் தழும்பும் அப்படியே இருக்கட்டும். சுட்ட வடு இன்னும் சிவந்து கிடக்கிறது, அதை மட்டும் பாதியாகக் குறைத்தால் போதும்.

அடுத்து மூலப்படங்கள். சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், முகம் நிறைய, நேராக ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று படங்கள் எடுக்க வேண்டும். கைப்பேசியின் அழகூட்டும் வசதியை முதலில் அணைக்க வேண்டும். பல கைப்பேசிகளில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், தழும்பை மூலப்படத்திலேயே தேய்த்துவிடும். செல்ஃபியில் வேறொரு கண்ணி இருக்கிறது. சில கைப்பேசிகள் முன்கேமரா படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாற்றிச் சேமிக்கின்றன. ஒரு செல்ஃபியையும் பின்கேமரா படத்தையும் சேர்த்துக் கொடுத்தால், கருவியின் கண்ணில் தாடைத் தழும்பு இரண்டு பக்கமும் இருக்கும். சட்டைப்பையோ, எழுத்துள்ள காலண்டரோ படத்தில் தெரிந்தால் எந்தப் படம் திரும்பியிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் முயற்சியில் வந்த படத்தில் கண்ணோரத் திட்டு மினுக்கமாகக் கரைந்திருக்கிறது. வாயோரத் திட்டு போய், உதட்டின் நிறம் சீராகியிருக்கிறது. தாடைத் தழும்பு இடப் பக்கம் போய்விட்டது. சுட்ட வடு அடியோடு இல்லை. முகம் பொருந்துகிறதா என்று அளக்கும் மென்பொருளிடம் கேட்டால், நன்றாகப் பொருந்துகிறது என்றே சொல்லும், ஏனென்றால் அந்த அளவீடும் தோலைத் தள்ளிவிட்டு எலும்பைப் பார்க்கும் முறைதான். இதைப் பிடிக்கக் கண்தான் வேண்டும். மூலப்படத்தையும் புதிய படத்தையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் அடையாளமும் இருக்கிறதா, சரியான பக்கம் இருக்கிறதா, கண்ணிலிருந்தும் வாயிலிருந்தும் அதே தொலைவில் இருக்கிறதா, எல்லையின் வடிவம் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

திருத்துவதற்கு உறுதியான வழி, மூலப்படத்தின் தோலையே கொண்டுவருவது. மூலப்படத்திலிருந்து திட்டும் தழும்பும் உள்ள பகுதிகளை வெட்டி, புதிய முகத்தின் மேல் அதே இடத்தில் பொருத்துகிறார் ஸ்டூடியோக்காரர். ஒட்டுப்போட்டது போல் தெரியும். அந்தப் பகுதியை மட்டும் மாஸ்க் செய்து, படத்தை மாற்றும் வலிமையை 0.2 அல்லது 0.3 என்று குறைவாக வைத்து மறுபடி ஓட்டினால், வெளிச்சமும் நிறமும் இணைந்துவிடும், வடிவம் கலையாது. 0.6-க்கு மேல் போனால் கருவி மீண்டும் தன் விருப்பத்துக்குத் தோலை வரையத் தொடங்கிவிடும். முகம் சிறிதாக இருந்தால், முகப்பகுதியை மட்டும் பெரிதாக்கி இதைச் செய்து, பிறகு பழைய அளவுக்குக் குறைத்துப் பொருத்த வேண்டும். அப்போதுதான் தழும்புக்குப் போதிய கட்டங்கள் கிடைக்கும்.

மீதி இருப்பது சுட்ட வடு. முதலில் அதையும் மூலப்படத்தில் உள்ளபடியே முழுமையாகக் கொண்டுவர வேண்டும். பிறகு வடு நீங்கிய இன்னொரு நகலைச் செய்து, முன்னதன் மேல் அடுக்காக வைத்து, மேல் அடுக்கைப் பாதி ஒளிபுகும்படி விட்டால், வடுவின் சிவப்பு பாதியாகக் குறையும், இடமும் வடிவமும் மாறாது. கருவியிடம் "கொஞ்சம் மங்கலாக்கு" என்று எழுதினால் இந்தக் கட்டுப்பாடு கிடைக்காது. பெரும்பாலும் அது முழுக்க அழித்துவிடும், அல்லது பக்கத்திலிருக்கும் வாயோரத் திட்டையும் சேர்த்துச் சீராக்கிவிடும். அடுக்கு முறையில் 30, 50, 70 சதவீதம் என மூன்று நகல்களைக் காட்டி, எது வேண்டும் என்று ஆசிரியையையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.

ஒரே ஆளைப் பல படங்களில் காட்ட

ஒருவருடைய முகத்தை அடிக்கடி பல காட்சிகளில் பயன்படுத்த வேண்டியிருந்தால், அவருடைய பதினைந்து இருபது படங்களைக் கொண்டு மாதிரிக்குத் தனிப்பயிற்சி தருவதுண்டு. லோரா என்பது அதற்கான பிரபலமான முறை. அதில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்பில் என்ன எழுதுகிறோம் என்பதை வைத்துத்தான் தழும்பு தங்குவதும் போவதும்.

குறிப்பில் "சிவப்புப் புடவை" என்று எழுதினால், புடவை என்பது ஆளிலிருந்து பிரிக்கக்கூடிய ஒன்று என்று மாதிரி கற்கும், கேட்டால் கொண்டுவரும், கேட்காவிட்டால் விட்டுவிடும். தழும்பும் இப்படித்தான். அதைக் குறிப்பில் எழுதாமல் விட்டால், அவருக்கென்று வைத்த அடையாளச் சொல்லோடு அது ஒட்டிக்கொள்ளும். அந்தச் சொல்லைப் போட்டாலே முகத்தோடு தழும்பும் வரும். எழுதினால் அது கழற்றி மாட்டக்கூடியதாகிவிடும். எந்நேரமும் இருக்க வேண்டிய மச்சத்தைக் குறிப்பில் எழுதக்கூடாது. சில படங்களில் வேண்டும், சிலவற்றில் வேண்டாம் என்று அவர் சொல்லும் வடுவை எழுத வேண்டும். எந்த அடையாளம் எந்த வகை என்பதைச் சொல்லக்கூடியவர் அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் மட்டுமே என்பதால், பயிற்சிக்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பயிற்சி மென்பொருள்களில் படங்களை இடவலமாகத் திருப்பி எண்ணிக்கையைப் பெருக்கும் வசதியும் இருக்கும். பரவலாகப் பயன்படும் ஒன்றில் அதன் பெயர் `--flip_aug`. ஒரு கன்னத்தில் மட்டும் மச்சம் உள்ளவருக்கு இதை இயக்கினால், மச்சம் ஒரு படத்தில் இடமும் மறுபடத்தில் வலமுமாக அலையும்.

மறைக்க விரும்புவதும் உரிமைதான்

தழும்பைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள், அதை மறைக்க விரும்புகிறவரைத் தன்னம்பிக்கை இல்லாதவராகப் பார்க்கும் ஆபத்து இருக்கிறது. வில்லன் தழும்புக்கு எதிராகக் குரல் கொடுத்த அதே சேஞ்சிங் ஃபேசஸ், தழும்பையும் வெண்திட்டையும் க்ரீம் கொண்டு மறைக்கக் கற்றுத்தரும் சேவையையும் நடத்துகிறது. ஒருவர் அலுவலகத்துக்கு அப்படியே போவார், உறவினர் கல்யாணத்துக்கு மறைத்துக்கொண்டு போவார். கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மனநிலை எல்லா நாளும் இருக்காது. அதனால் அனுமதியும் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியானது. விழா மலருக்குச் சொன்னதை வைத்து அடுத்த படத்துக்கும் முடிவெடுத்துவிட முடியாது.

மறைப்பது என்றால் அழிப்பது மட்டும் அல்ல. இத்தாலியின் உர்பினோ நகரை ஆண்ட ஃபெதெரிகோ டா மோன்டெஃபெல்ட்ரோ, 1450 வாக்கில் ஒரு வீரவிளையாட்டில் வலக் கண்ணை இழந்தவர். பியேரோ டெல்லா ஃப்ரான்செஸ்கா தீட்டிய அவருடைய புகழ்பெற்ற ஓவியம் இன்று ஃப்ளாரன்ஸின் உஃபிட்ஸி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவர் இடப் பக்கம் மட்டும் தெரியத் திரும்பியிருக்கிறார். இல்லாத கண்ணை ஓவியர் வரைந்து சேர்க்கவில்லை, பார்வையிலிருந்து விலக்கிவைத்தார். தெரியும் கன்னத்தின் மருக்களையும் மூக்குத்தண்டின் பள்ளத்தையும் அப்படியே வைத்தார். இன்றைய கருவியிலும் இது முடியும். தலையைச் சற்றுத் திருப்பச் சொல்லலாம், பக்கவாட்டு வெளிச்சத்தை மென்மையான நேர் வெளிச்சமாக்கலாம். தடித்த தழும்பு படத்தில் எடுப்பாகத் தெரிவது அதன் நிழலால்தான். நிழல் குறைந்தால், தோலைத் தொடாமலேயே தழும்பு அடங்கிவிடும்.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். மணமகளின் படத்தை எடுத்துக்கொண்டு வந்து, "அந்தத் திட்டை மட்டும் எடுத்துடுங்க தம்பி" என்று சொல்பவர் அத்தையாகவும் இருக்கலாம், தரகராகவும் இருக்கலாம். படத்தில் இருப்பவர் சொல்லாதவரை அது அவருடைய விருப்பம் ஆகாது. அவரே கேட்டாலும் செய்யக்கூடாத படங்களும் உண்டு. கடவுச்சீட்டுப் படத்தில் முகத்தை மாற்றக்கூடாது. வெண்திட்டுக்குச் சிகிச்சை பெறுகிறவர் மருத்துவருக்காக எடுக்கும் படத்தில் திட்டின் எல்லைதான் செய்தி, அது பரவுகிறதா அடங்குகிறதா என்பதை முந்தைய படத்தோடு ஒப்பிட்டே சொல்ல முடியும். விளம்பரத்துக்கு வேறு கணக்கு. நார்வேயில் 2022 ஜூலை முதல், உடலின் வடிவத்தையோ அளவையோ தோலையோ திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்ற சட்டம் நடப்பில் இருக்கிறது.

செயலிகளைச் செய்கிறவர்கள் கையிலும் ஒரு தீர்வு இருக்கிறது, அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. கண், மூக்கு, வாய் இருக்கும் இடங்களை வைத்து இரண்டு முகங்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்துவது இன்று எளிது. அப்படிப் பொருத்தி, மூலப்படத்தில் நிறம் மாறித் தெரியும் இடங்கள் புதிய படத்தில் இருக்கின்றனவா என்று செயலியே பார்க்கலாம். இல்லையென்றால் படத்தைக் கொடுப்பதற்கு முன், அந்த இடங்களை வட்டமிட்டு, "உங்கள் படத்தில் இருந்த இவை இதில் இல்லை. திரும்பக் கொண்டுவரவா, மங்கலாக்கவா, இப்படியே விடவா?" என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்கலாம். முகச் சீரமைப்பைத் தொடக்கத்தில் அணைத்தே வைத்து, வேண்டுகிறவர் இயக்கிக்கொள்ளும்படி விடலாம். மூலப்படத்தையும், அவர் என்ன சொன்னார் என்ற குறிப்பையும் சேமித்துவைத்தால், மனம் மாறி வந்து கேட்கும்போது சுட்ட வடுவை முழுதாகக் கொண்டுவரவோ இன்னும் குறைக்கவோ ஓர் அடுக்கின் அளவை மாற்றினாலே போதும்.